வலியே இல்லாத பல்ல எதுக்கு எடுக்கணும்? பிரிட்ஜுக்குக் கீழ நடக்கற கதை

கேள்வி: டாக்டர், எனக்கு 47 வயசு, காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கா மண்டி வெச்சிருக்கேன். 6 வருஷம் முன்னாடி கீழ இடது பக்கம் பெரிய கடவாப்பல்லு ஒண்ணை எடுத்துட்டு, முன்னாடி பின்னாடி பல்லை ராவி மூணு பல் பிரிட்ஜ் போட்டாங்க. முன்னாடி பல்லுக்கு அப்பவே ரூட் கேனல் பண்ணிட்டாங்க. ஒரு வருஷமா அந்தப் பக்கம் ஒரே நாத்தம், கடிச்சா உப்புத்தண்ணி மாதிரி ஏதோ கசியுது, வலி மட்டும் சுத்தமா இல்ல. ஒரு டாக்டர் பிரிட்ஜை அறுக்கணும், முன்னாடி பல்லு தேறாது, எடுத்துட்டு அஞ்சு பல் பிரிட்ஜா போட்டுடலாம்ங்கறார். இன்னொருத்தர் கழட்டி மறுபடி ஒட்டிடலாம்ங்கறார். வலியே இல்லாத பல்ல எதுக்கு எடுக்கணும்? புதுசா போட்டாலும் இதே கதைதானா?

பதில்:

வணக்கம்ங்க. முதல்ல அவசரமானதைச் சொல்லிடறேன், உள்ள என்ன இருக்குன்னு பாக்காம மறுபடி ஒட்டிக்காதீங்க. சொத்தை மேலயே சிமென்ட் போட்டு மூடினா ஒரு ஆறு மாசம் கம்முனு இருக்கும், அதுக்குள்ள மிச்சம் இருக்கற பல்லும் போயிடும்.

வலி இல்லாததுக்குக் காரணம் உங்க கேள்வியிலயே இருக்குங்க. அந்த முன்னாடி பல்லுக்கு ரூட் கேனல் ஆயிருக்கு, நரம்பை எடுத்தாச்சு, இனிமே அது சொத்தையானாலும் கூசாது, பாதி கரைஞ்சு போனாலும் உங்களுக்குச் சேதி சொல்ல ஆள் இல்ல. இதே பல்லுல தனி கேப் போட்டிருந்து சிமென்ட் விட்டுப் போயிருந்தா சோறு திங்கறப்ப கழண்டு கைக்கு வந்திருக்கும், நீங்களும் மறுநாளே பேப்பர்ல மடிச்சு எடுத்துட்டு ஓடியாந்திருப்பீங்க, பல்லும் தப்பிச்சிருக்கும். பிரிட்ஜுல அப்படி நடக்காது, முன்னாடி கால் விட்டுப் போனாலும் பின்னாடி கால் பிடிச்சிட்டு நிக்கறதால மொத்தமும் ஸ்டெடியா இருக்கற மாதிரியே தோணும். ஆனா ஒவ்வொரு தடவ கடிக்கறப்பவும் அந்த விட்டுப் போன கேப் மயிரிழை அளவு ஏறி இறங்கும், ஏறறப்ப எச்சிலை உள்ள இழுக்கும், இறங்கறப்ப வெளிய தள்ளும், கை பம்பு மாதிரின்னு வெச்சுக்கங்களேன். நீங்க சொல்ற உப்புத்தண்ணி இதுவாத்தான் இருக்கும்னு எனக்குச் சந்தேகம். நாங்க செக் பண்றதும் சிம்பிள்தான், காத்தடிச்சு அந்த இடத்தைக் காய வெச்சுட்டு, ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு, கேப்போட ஓரத்துல கருவியை மாட்டி மேல தூக்கி விடுவோம், ஓரத்துல குமிழ் குமிழா நுரை வந்தா அந்தக் கால் விட்டுப் போச்சுன்னு அர்த்தம். நகத்தை ஓரத்துல குடுத்து மேல தள்ளி கண்ணாடியில பாத்தா சில சமயம் வீட்டிலயே தெரியும், ஆனா நோண்டிட்டே இருக்காதீங்க.

எக்ஸ்ரே எடுத்தா தெரியாதான்னு கேப்பீங்க. பாதிதான் தெரியும். கேப்புல இருக்கற மெட்டல் படத்துல வெள்ளையா அடைச்சுக்கும், அதுக்குள்ள இருக்கற சொத்தை தெரியாது, கேப்போட ஓரத்துக்குக் கீழ இறங்கின சொத்தையும் வேர் நுனியில சீழ் கட்டியிருந்தா அதுவும்தான் தெரியும். அதனால அறுத்து எடுக்கணும்னு சொன்ன டாக்டர் அந்த அளவுல சரியாத்தான் சொல்றார். கன்னத்துப் பக்கத்துல இருந்து மேல வரைக்கும் கேப்புல ஒரு கோடு அறுத்து, லேசா திருகி விரிச்சா கழண்டுடும். அறுக்காம தட்டித் தட்டி முழுசா எடுத்து அதையே திருப்பி ஒட்டலாம்னு சில பேர் ஆசைப்படுவாங்க, காசு மிச்சம் பாருங்க, ஆனா உள்ள இருக்கறது நரம்பில்லாத, சொத்தையில இளைச்ச பல்லு, தட்டறப்ப வேரோட ஒடிஞ்சா அப்புறம் பேசறதுக்கே ஒண்ணும் இல்ல.

பிரிட்ஜை எடுத்ததுக்கு அப்புறம்தான் பல்லு தேறுமா தேறாதான்னு முடிவு பண்ணவே முடியும், அதை எடுக்காமலே தேறாதுன்னு சொன்னது கொஞ்சம் அவசரம்னுதான் எனக்குப் படுது. மெத்துன்னு இருக்கற சொத்தையை எல்லாம் சுரண்டிட்டு, ஈறுக்கு மேல கெட்டியான பல்லு எவ்வளவு நிக்குதுன்னு பாக்கணும். சுத்தியும் ரெண்டு மில்லிமீட்டர் உசரத்துக்காவது நல்ல பல்லுச் சுவர் இருக்கணும், ஏன்னா புது கேப் பிடிச்சு நிக்கறது அந்தச் சுவரைத்தான், வேருக்குள்ள போஸ்ட்னு ஒரு கம்பி வெச்சு மேல பூசிக் கட்டின ஃபில்லிங்கை நம்பி இல்ல. பீப்பாய்க்கு இரும்பு வளையம் மாட்டற மாதிரி, வளையம் நல்ல மரத்தைக் கவ்வணும், ஒட்டுப் போட்ட இடத்தைக் கவ்வினா நிக்காது. சுவர் கொஞ்சம் கம்மின்னா ஈறையும் எலும்பையும் லேசா இறக்கி பல்லை வெளிய கொண்டு வர ஒரு சின்ன சர்ஜரி இருக்கு, ஆனா சொத்தை எலும்புக்குள்ளயே இறங்கியிருந்தாலோ, வேர் நெடுக விரிசல் விட்டிருந்தாலோ அந்தப் பல்லை விட்டுடணும். அறுத்த அன்னிக்கு டாக்டர் கையில கண்ணாடியைக் குடுத்து உங்களையே பாக்கச் சொல்லச் சொல்லுங்க. பின்னாடி பல்லையும் அன்னிக்கே பாத்துடணும், ஈறு பை எவ்வளவு ஆழம், ஆடுதா, ரெண்டு வேருக்கும் நடுவுல எலும்பு கரைஞ்சிருக்கான்னு.

பல்லு தேறினா பழையபடி மூணு பல் பிரிட்ஜே போதும். கால் பல்லு எடையைத் தாங்குமான்னு பாக்க எங்ககிட்ட ஒரு பழைய கணக்கு இருக்கு, ஆன்ட்டேன்னு ஒரு பல் டாக்டர் 1926ல சொன்னது: இல்லாத பல்லோட வேருக்கு எலும்புல எவ்வளவு பரப்பு பிடி இருந்திருக்குமோ, அதுக்குக் குறையாத பிடி தாங்கற பல்லுகளுக்கு இருக்கணும். சராசரிக் கணக்குல கீழ்த்தாடைப் பெரிய கடவாப்பல்லுக்கு 431 சதுர மில்லிமீட்டர், அதுக்குப் பின்னாடி பல்லுக்கு 426, முன்னாடி இருக்கற சின்னக் கடவாப்பல்லுக்கு 207. உங்களுக்கு இல்லாதது 431, தாங்கறது 426ம் 207ம் சேர்ந்து 633. தாராளம்.

அந்தச் சின்னப் பல்லையும் எடுத்துட்டா கணக்கு தலைகீழா மாறிடும். இல்லாதது ரெண்டு பல்லு, 431ம் 207ம் சேர்ந்து 638. முன்னாடி நிக்கற அடுத்த சின்னப் பல்லுக்கு 180தான், பின்னாடி 426, மொத்தம் 606, பத்தல. அதனாலதான் உங்க டாக்டர் கோரைப் பல்லையும் சேர்த்து அஞ்சு பல்லுங்கறார், அதுக்கு 268, கூட்டினா 874, பேப்பர்ல பாஸ். இந்தக் கணக்கை வேதம்னு எடுத்துக்கவும் வேண்டாம். ஸ்வீடன்ல நைமன், எரிக்சன்னு ரெண்டு பேர் 1982ல, பாதி எலும்பு கூட இல்லாத பல்லுகள் மேல போட்ட பிரிட்ஜெல்லாம் வருஷக்கணக்கா நின்னதைக் காட்டினாங்க, ஆனா அந்த பேஷண்ட்டுகளுக்கு முதல்ல ஈறு நோயைச் சரி பண்ணி, அப்புறம் க்ளீனிங்குக்குத் தவறாம வர வெச்சிருந்தாங்க, அந்த ஒரு கண்டிஷனை மறந்துட்டுத்தான் எல்லாரும் அதை மேற்கோள் காட்டறாங்க.

என்னோட தயக்கம் வேற இடத்துல. பிரிட்ஜுங்கறது ரெண்டு தூணுக்கு நடுவுல போட்ட உத்தரம், உத்தரம் நீளமானா வளையறது நீளத்தை மூணு தடவ பெருக்கின கணக்குல, அதாவது நீளம் ரெண்டு மடங்கானா வளைவு எட்டு மடங்கு. உங்களுக்கு இப்ப நடுவுல இருக்கறது ஒரு கடவாப்பல்லு, சுமாரா 11 மில்லிமீட்டர். சின்னப் பல்லையும் சேர்த்தா 7 கூடி 18. ஒண்ணரை மடங்கு சொச்சம்தானேன்னு தோணும், ஆனா வளைவு நாலு மடங்குக்கு மேல போயிடுது. வளையறப்ப என்ன ஆகும்னா பின்னாடி பல்லும் பக்கத்துச் சின்னப் பல்லும் அழுந்தும், கடைசியில நிக்கற கோரைப் பல்லு கேப் மட்டும் நெம்புகோல்ல மாட்டின மாதிரி மேல தூக்கும். அப்ப எந்தக் கேப்புல சிமென்ட் முதல்ல விடும்? கோரைப் பல்லுலதான், அதுவும் சத்தமில்லாம. இப்ப உங்களுக்கு நடந்திருக்கற அதே கதை, ஒரு பல்லு முன்னாடி தள்ளி. அதோட கோரைப் பல்லையும் பக்கத்துப் பல்லையும் ஒட்டினாப்புல கேப் போட்டா ரெண்டுக்கும் நடுவுல பிரஷ்ஷோ, பல்லிடுக்கு க்ளீன் பண்ற ஃப்ளாஸ் நூலோ போற சந்தே ரொம்பக் குறுகிடும்.

அதனால என் கணக்குல, முன்னாடி பல்லு தேறலைன்னா அந்த ரெண்டு இடத்துக்கும் இம்ப்ளாண்ட் பாக்கறதுதான் நல்லது, பின்னாடி பல்லுக்கு ஏற்கனவே ராவியாச்சு, அதுக்குத் தனியா ஒரு கேப் போட்டுக்கலாம், கோரைப் பல்லுலயும் அடுத்த சின்னப் பல்லுலயும் கைய வெக்க வேண்டியதே இல்ல. கீழ்த்தாடையில நரம்பு ஓடற குழாய் இருக்கு, அதுக்கு மேல எலும்பு எவ்வளவு உசரம்னு ஸ்கேன் பாத்துத்தான் முடியுமான்னு சொல்ல முடியும், சுகர் எவ்வளவுன்னும் நீங்க எழுதல, அதையும் டெஸ்ட் பண்ணிக்கங்க. செலவு ஜாஸ்திதான், இல்லைன்னு சொல்லல. காசு இடிச்சா ஒரு இம்ப்ளாண்ட் இப்ப, ஒண்ணு அடுத்த வருஷம்னு கூட டாக்டர்கிட்ட பேசிப் பாக்கலாம். ஆனா எதையும் போடாம வருஷக்கணக்குல சும்மா விட்டுடாதீங்க, பின்னாடி பல்லு முன்பக்கமா சாய ஆரம்பிச்சுடும், 25 டிகிரிக்கு மேல சாஞ்ச பல்லு மேல நேரா கேப் இறக்கறதே கஷ்டம், அப்ப முதல்ல கம்பி போட்டு நிமிர்த்தச் சொல்லுவோம், அது தனிச் செலவு.

நம்ம ஊர்ல வேற ஒரு கேள்வி அடிக்கடி வரும், பல்லை ராவாம பின்பக்கம் றெக்கை மாதிரி வெச்சு ஒட்டற பிரிட்ஜ் இருக்காமே அதைப் போடலாமேன்னு. அது முன்பல்லு ஒண்ணுக்கு நல்ல வைத்தியம். ஆனா தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி, 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வர்றதுக்கு முன்னாடி வளந்த நம்ம வயசுக்காரங்க நிறையப் பேருக்கு பல்லு பழுப்படிச்சிருக்கும். அந்த மாதிரி எனாமல்ல ஒட்டறதுக்கு முன்னாடி ஆசிட் தடவினா மத்தவங்களுக்கு அரிக்கற மாதிரி சீரா அரிக்காது, அதனால ஒட்டும் சரியா பிடிக்காது. கடவாப்பல்லு கடியை அது தாங்காதுங்கறது வேற விஷயம். கேப் கலரையும் ரொம்ப வெள்ளையா கேக்காதீங்க, பக்கத்துப் பல்லோட பழுப்பை லேப்ல பாத்துத் தீட்டிக் குடுப்பாங்க, இல்லன்னா அது மட்டும் தனியாப் பளிச்சுனு நிக்கும்.

சரி, இப்ப உங்க கடைசிக் கேள்விக்கு வரேன், புதுசா போட்டா இதே கதைதானான்னு. இதுக்குப் பதில் நடுவுல தொங்கற அந்தப் பொய்ப் பல்லோட வயித்துல இருக்கு. அதுக்கு பான்டிக்னு பேரு. எல்லாரும் பிரிட்ஜை மேல இருந்துதான் பாப்பாங்க, கலர் நல்லா இருக்கா, கடி சரியா இருக்கான்னு, அடியில யாரும் பாக்கறதில்ல.

என் தப்பையே சொல்றேன். க்ளினிக் ஆரம்பிச்ச புதுசுல பாலக்கோட்டுல இருந்து ஒரு டீச்சர் வந்தாங்க, உங்களை மாதிரியே கீழ மூணு பல்லு. மாட்டிப் பாத்தப்ப பான்டிக்குக்குக் கீழ லேசா இடைவெளி தெரிஞ்சுது. அவங்க கண்ணாடியில பாத்துட்டு, 'என்னங்க டாக்டர் சந்து விட்டிருக்கீங்க, சோறெல்லாம் பூந்துக்காதா'ன்னாங்க. எனக்கும் வாதாடத் தெரியல, லேபுக்குத் திருப்பி அனுப்பி இறக்கிக் குடுங்கன்னேன். அங்க என்ன பண்ணாங்க, மாடல்ல ஈறு இருக்கற இடத்தைக் கத்தியில சுரண்டிட்டு அந்தப் பள்ளத்துக்குள்ள போர்சலினை இறக்கிட்டாங்க. மாட்டினப்ப ஈறு வெள்ளையா அழுந்திச்சு, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்னு ஒட்டிட்டேன். டீச்சருக்குச் சந்தோஷம். மூணு வருஷம் கழிச்சு நாத்தம்னு வந்தாங்க. அறுத்து எடுத்தப்ப அந்த ரூமே நாறிப் போச்சுங்க, ஹெல்ப்பர் பொண்ணு ஜன்னலைத் தொறந்து விட்டா. பான்டிக்கைத் திருப்பிப் பாத்தேன், அடிப்பாகம் குதிரைச் சேணம் மாதிரி உள்குழிவா, அந்தக் குழி பூரா சாம்பல் கலர்ல பிசுபிசுன்னு ஒரு படலம். ஈறுல அதே வடிவத்துல ரத்தச் சிவப்பா ஒரு அச்சு, முத்திரை குத்தின மாதிரி, தொட்டா ரத்தம். சந்தை அடைக்கறேன்னு நான் பண்ணது, அழுக்கை உள்ள வெச்சுப் பூட்டினதுதான்.

அந்தச் சேண வடிவத்தை இப்ப எந்த டாக்டரும் வேணும்னு போடறதில்ல, ஆனா இப்படி 'இறக்கி இறக்கி' அது தன்னால வந்துடுது. எப்படி இறுக்கினாலும் ஈறுக்கும் பான்டிக்குக்கும் நடுவுல எச்சிலும் கிருமியும் போகத்தான் செய்யும், போகாதது நூல் மட்டும்தான். நூல் இழுத்துப் பிடிச்சா நேராத்தான் நிக்கும், குழிவுக்குள்ள தொடாமலே தாண்டிப் போயிடும். வயிறு உப்பலா இருந்தாத்தான் நூல் அதைச் சுத்தி வளைஞ்சு எல்லா இடத்தையும் தொடும்.

அதனால கீழ்க் கடவாப்பல்லுக்கு நான் கேக்கறது ரெண்டே வடிவம். ஒண்ணு, அடிப்பாகம் முட்டை மாதிரி உருண்டு வந்து ஈறு மேட்டை ஒரே புள்ளியில மெல்லமா தொடறது. கன்னத்துப் பக்கமும் நாக்குப் பக்கமும் சந்து விரிஞ்சிருக்கும், அது அப்படித்தான் இருக்கணும். இன்னொண்ணு ஈறையே தொடாம ரெண்டு மூணு மில்லிமீட்டர் மேல தொங்கறது, அடியில தண்ணி ஓடற பாலம் மாதிரியே இருக்கும். க்ளீன் பண்ண இதுதான் ராஜா, ஆனா மேல் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல உசரம் நல்லா இருந்தாத்தான் முடியும், ஏன்னா உத்தரத்தோட கனத்தைக் குறைக்கக் கூடாது, கனம் பாதியானா வளைவு எட்டு மடங்கு. நாக்கு சும்மா அதுக்குள்ள போயிட்டே இருக்கும்னு நிறையப் பேருக்கு அது பிடிக்கறதும் இல்ல. மேல் முன்பல்லுக்கு இதெல்லாம் ஆகாது, சிரிச்சா சந்து தெரியும், அங்க உதட்டுப் பக்கம் மட்டும் ஈறைத் தொட்டு உள்பக்கம் விலகிப் போற வடிவமோ, ஈறுல ஒரு பள்ளம் உண்டாக்கி அதுக்குள்ள முட்டை மாதிரி உக்கார வெக்கற வடிவமோ போடுவோம். அது உங்களுக்கு வேண்டியதில்ல, விட்டுடுவோம்.

இதுல இன்னொரு இழுபறி இருக்கு. பான்டிக்கும் கேப்பும் சேர்ற கழுத்து தடிமனா இருந்தாத்தான் உடையாது, ஜிர்கோனியாவுல மூணு பல்லுக்கு சுமாரா மூணுக்கு மூணு, அதாவது 9 சதுர மில்லிமீட்டராவது வேணும்பாங்க. அந்தத் தடிமனை ஈறுப் பக்கமா இறக்கினா பிரஷ் போற முக்கோணச் சந்து அடைஞ்சுடும். நல்ல லேப்காரர் அதை மேல்பக்கமா ஏத்திக் குடுப்பார். ஜிர்கோனியாவா மெட்டல் செராமிக்கான்னு உங்க பணத்துக்கு ஏத்த மாதிரி எடுத்துக்கங்க, எதுவா இருந்தாலும் ஈறைத் தொடற இடம் கண்ணாடி மாதிரி பாலிஷ் ஆகியிருக்கணும், மெட்டலும் போர்சலினும் சேர்ற கோடு ஈறு மேல உக்காரக் கூடாது.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. புது பிரிட்ஜை ஒட்டறதுக்கு முன்னாடி, வாய்க்குள்ள மாட்டிப் பாக்கறாங்க இல்ல, அப்ப 'டாக்டர், இதுக்கு அடியில நூல் விட்டுக் காட்டுங்க'ன்னு கேளுங்க. நூல் கன்னத்துப் பக்கம் நுழைஞ்சு நாக்குப் பக்கம் வரணும், அடியில முன்னும் பின்னும் பிய்யாம ஓடணும். ஈறு வெள்ளையா அழுந்தி, அஞ்சு நிமிஷமாகியும் கலர் திரும்பலைன்னா லேபுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க. நூல் போகலைன்னா ஒட்டவே விடாதீங்க. ஒட்டினதுக்கு அப்புறம் அதைச் சரி பண்றது அறுக்கறதுலதான் முடியும். முடிஞ்சா முதல்ல ரெண்டு மூணு வாரம் டெம்பரரி சிமென்ட்ல ஒட்டிக் குடுக்கச் சொல்லுங்க, ஈறு எப்படி இருக்குன்னு பாத்துக்கலாம்.

க்ளீனிங்குக்கு வரேன். பிரஷ் பான்டிக்குக்கு அடியில போகாது, எந்த பேஸ்ட் போட்டாலும் போகாது, வேப்பங்குச்சியும் போகாது. வாய் கொப்புளிச்சா பெரிய துணுக்கு போகும், ஒட்டிட்டிருக்கற படலம் போகாது. ஊக்கு, தொடப்பக்குச்சி எல்லாம் வெச்சுக் குத்தறவங்க இருக்காங்க, மண்டியில வேலைக்கு நடுவுல கைக்குக் கிடைச்சது அதுதான்னு ஒருத்தர் சொன்னார், ஈறு கிழிஞ்சு வந்தார், அதை மட்டும் விட்டுடுங்க. சாதா ஃப்ளாஸும் மேல இருந்து இறங்காது, மூணும் ஒண்ணா ஒட்டியிருக்கே. சூப்பர் ஃப்ளாஸ்னு ஒண்ணு இருக்கு, மெடிக்கல்ல இல்லைன்னா ஆன்லைன்ல கிடைக்கும். ஒவ்வொரு நூலும் மூணு விதமா இருக்கும், ஒரு முனை விறைப்பா பிளாஸ்டிக் ஊசி மாதிரி, நடுவுல பஞ்சு மாதிரி உப்பலா, மிச்சம் சாதா நூல். அது கிடைக்கலைன்னா த்ரெடர்னு பெரிய காதுள்ள பிளாஸ்டிக் ஊசி வரும், சாதா ஃப்ளாஸை அதுல கோத்துக்கலாம்.

ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கண்ணாடி முன்னாடி நின்னு, விறைப்பு முனையை கன்னத்துப் பக்கத்துல இருந்து பான்டிக்குக்கும் முன் கேப்புக்கும் நடுவுல கழுத்துக்குக் கீழ நுழைங்க. நாக்குப் பக்கம் முனை தட்டுப்படும், விரலை விட்டு இழுத்துட்டு வாங்க. பஞ்சுப் பகுதி பான்டிக்குக்கு அடியில வந்ததும் ரெண்டு முனையையும் பிடிச்சு பான்டிக் வயித்தோட ஒட்டினாப்புல முன்னும் பின்னும் ஒரு அஞ்சாறு தடவ, முதுகு தேய்க்க துண்டைப் பிடிச்சு இழுக்கறோம் இல்ல, அப்படி. இதோட நிறுத்திட்டுப் போயிடறவங்கதான் ஜாஸ்தி, ஆனா சொத்தை வர்றது பொய்ப் பல்லுக்கு இல்ல, அதுக்கு எப்படி வரும், வர்றது காலா நிக்கற நிஜப் பல்லுக்கு. அதனால அதே நூலை முன் கேப்போட பக்கச்சுவர்ல வளைச்சுக் கட்டிப் பிடிச்சு, ஈறுக்குள்ள லேசா இறங்கற வரைக்கும் மேல கீழ நாலு இழுப்பு, அப்புறம் பின்னாடி கேப்புக்கும் அதே மாதிரி. எடுக்கறப்ப மேல இழுக்காதீங்க, ஒரு முனையை விட்டுட்டு பக்கவாட்டுல உருவுங்க. முதல் வாரம் பத்து நிமிஷம் ஆகும், எரிச்சல் வரும், ஈறுல ரத்தம் கசியும். நிறுத்தாதீங்க, வீங்கின ஈறுல ரத்தம் வரத்தான் செய்யும், ஒண்ணு ரெண்டு வாரத்துல அடங்கிடும், அதுக்கும் மேல வந்தாத்தான் காட்டணும். பழகினா ரெண்டு நிமிஷ வேலை.

சந்து தாராளமா இருந்தா குட்டி பிரஷ், பாட்டில் கழுவற பிரஷ் மாதிரியே பென்சில் முனை அளவுல வரும், அது இன்னும் சுலபம், சைஸை டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிக்கங்க, இறுக்கித் தள்ளக் கூடாது. தண்ணி பீச்சி அடிக்கற மெஷினை என் பேஷண்ட்டுக நிறையப் பேர் வாங்கிட்டாங்க, மாம்பழ நாரு, கறி நாரு வெளிய வர அது ஜோரா வேலை செய்யும், ஆனா படலத்தை உரசி எடுக்கறது நூல்தான், மெஷின் இருக்கேன்னு நூலை விட்டுடாதீங்க. களி தின்ன அன்னிக்கு மட்டும் ரெண்டையும் பண்ணுங்க, அது அடியில போய் சாந்து மாதிரி அப்பிக்கும்.

நூலை இழுத்ததும் மூக்குக்கிட்ட கொண்டு போய் மோந்து பாருங்க, கூச்சப்படாதீங்க. மொத நாள் நாறும். பத்து நாள் தொடர்ந்து பண்ணியும் ஒரே ஒரு பக்கத்து நூல் மட்டும் நாறிட்டே இருந்தா அந்தக் கால்ல ஏதோ விட்டிருக்குன்னு அர்த்தம், வலி வர்ற வரைக்கும் காத்திருக்காம காட்டுங்க. உங்க ரூட் கேனல் பல்லு தேறி மறுபடி அதையே காலா வெச்சா, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்து அந்த நுரை டெஸ்ட் பண்ணிக்கறதும், வருஷத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துக்கறதும் அவசியம், அந்தப் பல்லு வாயைத் தொறந்து எதுவும் சொல்லாதுன்னு இப்ப உங்களுக்கே தெரியுமே.

ஒண்ணு மட்டும் மறக்காம செய்ங்க. அறுத்து எடுத்த பழைய பிரிட்ஜை டஸ்ட்பின்ல போட்டுடப் போறாங்க, கழுவிக் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வாங்க. வீட்டுல உக்காந்து திருப்பி நடுப்பல்லோட அடியைப் பாருங்க, விரலால தடவிப் பாருங்க, குழிஞ்சிருக்கா உப்பலா இருக்கான்னு. குழிஞ்சிருந்தா அதை அப்படியே எடுத்துட்டுப் போய் புதுசு போடற டாக்டர் டேபிள் மேல வெச்சு, இந்த மாதிரி மட்டும் வேண்டாம்ங்கன்னு சொல்லிடுங்க.